“வங்கி” என்று தேடினால் உங்கள் போனில் என்ன வருகிறது?

காரைக்குடியில் இருக்கும் என் சித்திக்கு 67 வயது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, அவருடைய டெபிட் கார்டிலிருந்து 18,500 ரூபாய் போய்விட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அவர் எதுவும் வாங்கவில்லை, யாரிடமும் ஓடிபி சொல்லவும் இல்லை. பதறிப்போய்ப் போனை எடுத்து “வங்கி” என்று தேடினார். ஒன்றும் வரவில்லை.

வங்கி எண் அவரிடம் இல்லாமல் இல்லை. Bank sir என்று ஆங்கிலத்தில் இருந்தது, மறைந்த சித்தப்பா பதிந்து கொடுத்தது. தமிழில் தேடியதால் அது கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் பயனில்லை, அந்த மேலாளர் மாற்றலாகிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. சித்தி இணையத்தில் வங்கியின் பெயரோடு “கஸ்டமர் கேர்” என்று தேடி, முதலில் வந்த எண்ணை அழைத்தார். எடுத்தவர் மிகவும் பரிவாகப் பேசினார். போன பணம் உடனே திரும்ப வரும், அதற்கு ஒரு செயலியை இறக்க வேண்டும் என்றார். அது போன் திரையை அப்படியே இன்னொருவருக்குக் காட்டும் செயலி. கால் மணி நேரத்தில் இன்னும் 49,000 ரூபாய் போனது.

அந்த 18,500 ரூபாய் சித்திக்குத் திரும்பி வந்துவிட்டது. 49,000 ரூபாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, வெளியில் எங்கோ நடந்தது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் புகார் செய்துவிட்டால் உங்கள் இழப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாட்கள் ஆகிவிட்டால், கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். புகார் செய்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதுதான். ஆனால் ஓடிபி சொல்வது போன்ற கவனக்குறைவை நாமே செய்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் கணக்கில்தான் எழுதப்படும். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே மணி எட்டரைக்குச் சரியான எண் கையில் கிடைத்திருந்தால் கார்டை முடக்கி, புகார் எண்ணையும் வாங்கிக்கொண்டு சித்தி தூங்கப் போயிருப்பார். திருடன் எடுத்ததைவிட, எண் கிடைக்காமல் போனதில் அவர் இழந்ததுதான் அதிகம்.

அடுத்த வாரம் காரைக்குடிக்குப் போய், சித்தியோடு திண்ணையில் உட்கார்ந்து அவர் போனில் இருந்த பெயர்களை எல்லாம் மாற்றினேன். 212 பெயர்கள், ஒரு மதியம் முழுக்க ஆனது. லட்சுமி என்று மட்டும் ஐந்து பேர் இருந்தார்கள். “மாமா” மூன்று, “மாமா புது நம்பர்” ஒன்று. “கேஸ்” ஒன்று தமிழில், Gas இரண்டு ஆங்கிலத்தில். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்தைப் போனில் யாரும் பதிவதும் இல்லை. ஒரே பெயர் குவிவது இதனால்தான்.

அன்று நாங்கள் வைத்துக்கொண்ட முறை எளிது. அவசரத்தில் எது முதலில் நினைவுக்கு வருமோ, அதுதான் முதல் சொல். உறவினர் என்றால் பெயர் முதலில் வரும். பிறகு உறவு, பிறகு ஊர். “லட்சுமி அத்தை மானாமதுரை” என்று இருந்தால் பெயரைத் தேடினாலும் ஊரைத் தேடினாலும் அவர் கிடைப்பார். மானாமதுரையில் ஒரு துக்கம் என்றால் ஊர்ப் பெயரை அடித்ததும் அங்கே சொல்ல வேண்டிய அத்தனை பேரும் வரிசையாக வந்துவிடுவார்கள். வேலைக்கு வருபவர்களுக்கு இது தலைகீழ். தண்ணீர்க் குழாய் உடைந்து வீடு நனையும்போது பிளம்பரின் பெயர் யாருக்கும் நினைவுக்கு வராது. “பிளம்பர் செல்வம்”, “பால் லட்சுமி”, “எலக்ட்ரீஷியன் பஸ் ஸ்டாண்ட்” என்று தொழிலே முதலில் வர வேண்டும். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் பெயர், அலுவலகம், பிரிவு. அவர் வேலை மாறினால் எண்ணை அழிக்காமல் கடைசியில் “முன்னாள்” என்று சேர்த்தால் போதும். Bank sir விஷயத்தில் விட்டுப்போன சொல் அதுதான்.

வங்கிக்கு நாங்கள் நான்கு பதிவுகள் போட்டோம், எல்லாம் “வங்கி” என்றே தொடங்கும். “வங்கி கார்டு முடக்க” என்பது கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண். “வங்கி கிளை” பாஸ்புத்தகத்தில் இருப்பது. “வங்கி மோசடி 1930” இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். இதே புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க 1930-க்குச் செய்யும் அழைப்பு உதவும், அதனால் வங்கியை அழைத்த கையோடு இதையும் அழைக்க வேண்டும். நான்காவது “வங்கி குறைதீர்ப்பாளர் 14448”. வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகக் கட்டணமில்லாமல் முறையிடலாம். இப்போது சித்தி “வங்கி” என்று அடித்தால் நான்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. கேஸ் கசிவுக்கான 1906, மின்தடைப் புகாருக்கான மின்னகம் 94987 94987 இரண்டையும் “கேஸ் கசிவு”, “கரண்ட் புகார்” என்று அவர் வாயில் வரும் சொல்லிலேயே பதிந்தோம்.

எந்த எழுத்தில் பதிவது? போனை யார் பயன்படுத்துகிறாரோ அவர் தேடும் எழுத்தில். சித்தி தமிழில்தான் தட்டுவார், அல்லது மைக்கில் சொல்வார். ஆகவே எல்லாம் தமிழ். எண் பலகையிலேயே தட்டித் தேடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆங்கில எழுத்து வசதி. இரண்டையும் கலக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். பதிந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் வேறொருவரிடம் போனைக் கொடுத்து, “கார்டு தொலைந்துவிட்டது, வங்கியைக் கூப்பிடு” என்று சொல்லுங்கள். பத்து நொடியில் அவர் கண்டுபிடிக்கவில்லை என்றால் பெயர் சரியில்லை.

பெயரில் எழுதக் கூடாதவையும் உண்டு. ஏடிஎம் பின் எண்ணை “பின் அக்கா” என்ற மாதிரி ஒரு போலிப் பெயரில் ஒளித்துவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சித்தியின் போனிலும் இருந்தது. தொடர்புகளைப் படிக்க நாம் அனுமதி கொடுத்த ஒவ்வொரு செயலியும் அதைப் படிக்கலாம். நான்கு இலக்கத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தால் அது என்னவென்று யாருக்கும் விளங்கும். “அப்பா”, “அம்மா” என்று வெறும் உறவை மட்டும் பதிவதையும் நான் விரும்புவதில்லை. பூட்டாமல் இருக்கும்போது பறித்த போனில் அந்தப் பெயரைப் பார்ப்பவன், யாரிடம் அழுது பணம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறான். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலை உருவி, உறவினர்களை அழைத்து அவமானப்படுத்தியதும் இப்படித்தான். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்துவிட்டது. கேட்கும் செயலிக்கு மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏற்கெனவே அனுமதி கொடுத்திருந்தால் Settings-இல் Permission manager, அதில் Contacts என்று போய்ப் பறித்துவிடலாம். உறவை மட்டும் பதியாவிட்டால், விபத்தில் மயங்கிக் கிடக்கும்போது வீட்டாரை எப்படி அழைப்பார்கள் என்று சித்தி கேட்டார். பூட்டிய போனில் தொடர்புப் பட்டியலை எப்படியும் திறக்க முடியாது. அதற்கென்றே Emergency information என்ற பகுதி இருக்கிறது. அங்கே மகன் எண்ணைச் சேர்த்தோம். பூட்டைத் திறக்காமலே அதைப் பார்க்க முடியும்.

இன்னொரு ஆபத்து, நாம் நல்ல முறையில் பதிந்த பெயர்களையே நம்பவைத்து ஏமாற்றுவது. “அம்மா, போன் உடைஞ்சிடுச்சு, இதுதான் என் புது நம்பர்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். படம்கூட மகனுடையதாகவே இருக்கும். அங்கே பெயருக்கு முன்னால் ~ என்ற அலைக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பெயர் நீங்கள் பதிந்தது அல்ல, அனுப்பியவரே தனக்கு வைத்துக்கொண்டது. உடனே அதை மகன் பெயரில் பதிந்துவிட்டால் அடுத்த செய்தி முதல் அலைக்குறி மறைந்துவிடும், சந்தேகமும் மறைந்துவிடும். ஆகவே முதலில் பழைய எண்ணை அழைத்துக் குரலைக் கேளுங்கள். அதன் பிறகுதான் பதிவு. அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகளில் “வங்கி” என்று வருவதும் அத்தாட்சி இல்லை. யாரோ பதிந்த பெயர்தான் அங்கே வருகிறது. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து ஒருவர் வங்கி என்று சொன்னால், துண்டித்துவிட்டு நீங்கள் பதிந்துவைத்த எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

பழைய எண்களுக்கும் ஆயுள் உண்டு. துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குப் போகலாம். இறந்துபோன சித்தப்பாவின் எண்ணை அழிக்க சித்திக்கு மனம் வரவில்லை. பெயரின் முடிவில் “பழையது 2023” என்று சேர்த்தோம். அந்த எண்ணிலிருந்து என்றாவது அழைப்பு வந்தால், பேசுவது முன்பின் தெரியாத ஒருவர் என்று அந்தச் சொல் அவருக்குச் சொல்லும்.

இத்தனையையும் சிம் அட்டையில் பதியாதீர்கள். அங்கே பெயருக்கு இடம் மிகவும் குறைவு. நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும். கூகுள் கணக்கில் பதிந்தால் போன் தொலைந்தாலும் பட்டியல் இருக்கும். தவறி அழித்துவிட்டால் 30 நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும்.

மற்ற பெயர்களை ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம். இன்று இரவு உங்கள் பர்ஸில் இருக்கும் கார்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் எண்ணை “வங்கி கார்டு முடக்க” என்று பதியுங்கள். பிறகு அம்மாவின் போனை வாங்கி, அவருடைய கார்டில் உள்ள எண்ணை அதிலும் பதிந்து கொடுங்கள்.