அடுத்த கட்டளை எப்போது காத்திருக்க வேண்டும்?

ஒரு கணக்கில் 500 ரூபாய் இருக்கிறது. 250 ரூபாய் வரவு. 50 ரூபாய் கட்டணமாகப் பிடிக்கிறார்கள். மிச்சம் 700. இந்தக் கணக்கைச் செய்ய பிராசசருக்கு இரண்டே கட்டளைகள் போதும். ஆனால் அதை வடிவமைத்தவர் ஓரிடத்தில் அசந்திருந்தால், 700க்குப் பதில் சம்பந்தமே இல்லாத ஓர் எண் வந்து நிற்கும். கூட்டும் சர்க்யூட்டிலும் கழிக்கும் சர்க்யூட்டிலும் ஒரு குறையும் இருக்காது. இரண்டாவது கட்டளை சற்று முன்னதாகவே எண்ணை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பிராசசர் ஒரு கட்டளையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவதில்லை. பனியன் கம்பெனியில் ஒரு சட்டை தையலில் இருக்கும்போதே அடுத்த சட்டைக்குத் துணி வெட்டுகிறார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான் இங்கும். இதற்குப் பெயர் பைப்லைன். பாடப்புத்தகங்களில் வரும் பைப்லைனில் ஐந்து கட்டங்கள் உண்டு. முதலில் கட்டளையை நினைவகத்திலிருந்து எடுப்பது, அடுத்து அது என்ன கட்டளை என்று புரிந்துகொண்டு, அதற்கு வேண்டிய எண்களை ரெஜிஸ்டர்களிலிருந்து படிப்பது, மூன்றாவது கணக்கிடுவது, நான்காவது தேவையானால் நினைவகத்தைத் தொடுவது, ஐந்தாவது விடையை ரெஜிஸ்டரில் எழுதுவது. கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு கட்டம் நகரும். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி வரிசையில் சி-கிளாஸ் பிராசசரும் இப்படி ஐந்து கட்டங்களோடு வடிவமைக்கப்பட்டதுதான்.

ஒரு சட்டைக்கு முந்தைய சட்டையிலிருந்து எதுவும் தேவைப்படாது. கட்டளைகள் அப்படியில்லை. நம் வங்கிக் கணக்கை ரிஸ்க்-ஃபைவ் மொழியில் எழுதிப் பார்ப்போம்:

```
add x5, x6, x7
sub x8, x5, x9
```

`x6`இல் 500, `x7`இல் 250, `x9`இல் 50. `x5`இல் ஏதோ பழைய வேலையில் மிஞ்சிய 100 கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். `add` முதல் துடிப்பில் உள்ளே வருகிறது, மூன்றாவதில் கணக்கிடுகிறது, 750 என்ற விடையை ஐந்தாவதில்தான் `x5`இல் எழுதும். அதன் பின்னாலேயே வரும் `sub` மூன்றாவது துடிப்பிலேயே `x5`ஐப் படித்துவிடுகிறது. அப்போது அங்கே இருப்பது பழைய 100. அதில் 50 போக, விடை 50. தரவுச் சார்பினால் வரும் ஹசார்ட் இதுதான். கட்டளைகள் ஒரே சர்க்யூட்டுக்குப் போட்டியிடுவதாலும், நிரல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாததாலும் வேறு ஹசார்ட்கள் உண்டு. அவை தனிக் கதை.

எளிய தீர்வு, `sub`ஐ நிறுத்தி வைப்பது. ஒரே துடிப்பின் முதல் பாதியில் எழுதி, இரண்டாம் பாதியில் படிக்கும்படி ரெஜிஸ்டர்களை அமைத்திருந்தாலும் இரண்டு துடிப்புகள் வீணாகும். நிரல்களில் ஒரு விடையை அடுத்த வரியே பயன்படுத்துவது சர்வ சாதாரணம் என்பதால், இந்த இழப்பு கட்டுப்படியாகாது.

இங்கேதான் ஃபார்வர்டிங் வருகிறது. 750 என்ற எண் ஐந்தாவது துடிப்பில்தான் ரெஜிஸ்டருக்குப் போகிறது என்றாலும், மூன்றாவது துடிப்பு முடியும்போதே பிறந்துவிட்டது. கணக்கிடும் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே உள்ள தாங்கியில் அது தயாராக இருக்கிறது. `sub` கணக்கிடப் போவதோ நான்காவது துடிப்பில். ஆகவே அந்தத் தாங்கியிலிருந்து கணக்கிடும் சர்க்யூட்டின் வாசலுக்கு நேராக ஒரு கம்பி இழுத்துவிடுகிறார்கள். `sub` படித்து வைத்திருந்த 100 ஒதுக்கப்பட்டு, 750 உள்ளே போகிறது. ஒரு துடிப்புகூட வீணாகவில்லை.

எந்தக் கம்பியைத் திறப்பது என்று தீர்மானிக்க ஒரு சிறிய ஒப்பீட்டுச் சர்க்யூட் உண்டு. கணக்கிட வந்த கட்டளை கேட்கும் ரெஜிஸ்டர் எண்ணும், முன்னால் போய்க்கொண்டிருக்கும் இரண்டு கட்டளைகள் எழுதப்போகும் ரெஜிஸ்டர் எண்ணும் ஒன்றா என்று அது ஒவ்வொரு துடிப்பிலும் பார்க்கிறது. கேட்க எளிது, தடுக்கி விழ இடம் உண்டு. முன்னே போகும் இரண்டுமே `x5`இல் எழுதுவதாக இருந்தால், பிந்தி வந்ததன் விடையைத்தான் எடுக்க வேண்டும். `x0` எப்போதும் பூஜ்யம் என்பது ரிஸ்க்-ஃபைவ் விதி. ஆகவே `x0`இல் எழுதுவதாகச் சொல்லும் கட்டளையின் விடையை அனுப்பவே கூடாது. இந்த இரண்டில் ஒன்றை மறந்தாலும் நிரல் பெரும்பாலும் சரியாகவே ஓடி, எப்போதாவது தப்பு விடை தரும். நோயைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. சந்தேகமான இரு வரிகளுக்கு நடுவே சில வெற்றுக் கட்டளைகளைப் போடுங்கள். விடை சரியாகிவிட்டால், கோளாறு ஃபார்வர்டிங்கில் இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

ஆனால் ஃபார்வர்டிங்கால் ஆகாத ஓரிடம் இருக்கிறது.

```
lw  x5, 0(x10)
add x6, x5, x7
add x8, x9, x11
```

`lw` நினைவகத்திலிருந்து எண்ணைக் கொண்டுவருகிறது. மூன்றாவது துடிப்பில் அது கணக்கிடுவது முகவரியை மட்டும்தான். எண் கைக்கு வருவது நான்காவது துடிப்பின் முடிவில். `add`க்கு அது நான்காவதின் தொடக்கத்திலேயே வேண்டும். இன்னும் வராத எண்ணை எந்தக் கம்பியாலும் கொடுக்க முடியாது. இதைக் கவனிக்காமல் ஃபார்வர்டிங்கை மட்டும் நம்பினால், எண்ணுக்குப் பதில் அதன் முகவரி போய்க் கூட்டலில் சேர்ந்துவிடும். விடையில் முகவரி போன்ற ஓர் எண் கலந்திருந்தால் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

ஆக, ஒரு துடிப்பு நிறுத்தித்தான் ஆக வேண்டும். இதுதான் ஸ்டால். முன்னால் இருப்பது `lw`, அது எழுதும் ரெஜிஸ்டர்தான் பின்னால் வருவதற்குத் தேவை என்று தெரிந்ததும், சர்க்யூட் இரண்டு காரியம் செய்கிறது. புதுக் கட்டளை எடுப்பதையும் `add`ஐயும் இருந்த இடத்திலேயே பிடித்து வைக்கிறது. கணக்கிடும் கட்டத்துக்குள் எதையும் எழுதாத ஒரு வெற்றிடத்தை அனுப்புகிறது. துறையில் இதை பபிள் என்பார்கள். அடுத்த துடிப்பில் `lw` கொண்டுவந்த எண் ஃபார்வர்டிங் கம்பி வழியாகவே `add`க்குப் போய்ச் சேரும்.

அந்த ஒரு துடிப்பையும் கம்பைலர் மிச்சம் பிடித்துவிடும். மேலே மூன்றாவது வரி யாரையும் சார்ந்ததில்லை. அதை இரண்டாவது இடத்துக்கு ஏற்றினால், `lw` எண்ணைக் கொண்டுவருவதற்குள் ஓர் உருப்படியான வேலை முடிந்திருக்கும். ஸ்டால் தேவைப்படாது.

கம்பைலரே இவ்வளவும் பார்த்துக்கொள்ளும் என்றால் சர்க்யூட் எதற்கு? 1980களில் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னெஸி குழுவினர் உருவாக்கிய மிப்ஸ் இந்த எண்ணத்தில்தான் பிறந்தது. அந்த வழியில் வந்த ஆர்2000 சிப்பில், நினைவகத்திலிருந்து எண்ணை எடுத்த அடுத்த வரியிலேயே அதைப் பயன்படுத்தக் கூடாது. பொருத்தமான வேறு கட்டளை கிடைக்காவிட்டால் வெற்றுக் கட்டளை ஒன்றைக் கம்பைலர் செருகிவிடும். சிக்கல் பிறகு வந்தது. 1991இல் வந்த ஆர்4000 எட்டுக் கட்டங்கள் கொண்டது. அதில் இடைவெளி இரண்டு துடிப்பாகிவிட்டது. ஒரு துடிப்பு என்று கணக்குப் போட்டு எழுதிய பழைய நிரல்களும் அதில் ஓடியாக வேண்டும். அதனால் நிறுத்தும் பொறுப்பை சர்க்யூட்டே ஏற்றுக்கொண்டது. என் தீர்ப்பும் அதுதான்: வேகத்துக்குக் கம்பைலரை நம்பலாம், விடை சரியாக வருவதற்கு சர்க்யூட்தான் பொறுப்பு.

கணினி படிக்கும் மாணவர்கள் இதைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. `Ripes` என்ற இலவச சிமுலேட்டரில் ஃபார்வர்டிங் உள்ள, இல்லாத, ஹசார்டைக் கண்டுபிடிக்காத ஐந்து கட்டப் பிராசசர்கள் தனித்தனியே இருக்கின்றன. நினைவகத்தில் ஓர் எண்ணை வைத்துவிட்டு, மேலே உள்ள மூன்று வரிகளை ஒவ்வொன்றிலும் ஓட்டி, `x6`இல் என்ன வருகிறது, எத்தனை துடிப்பு ஆகிறது என்று குறித்துப் பாருங்கள்.