வியாழனை வளர்த்த பனி

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "சூரியனுக்குப் பக்கத்தில் வெப்பம், அதனால் பாறைக் கோள்கள், தூரத்தில் குளிர், அதனால் வாயுக் கோள்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். குளிரில் வாயு உறைந்து கட்டியாகத்தானே ஆக வேண்டும், வியாழன் மட்டும் ஏன் வாயுவாக இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?"

மிக நல்ல கேள்வி. இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்தான் தவறு. சூரிய வெப்பம் இலேசான வாயுக்களை வெளியே தள்ளிவிட்டது, அவை தூரத்தில் சேர்ந்து வியாழனும் சனியும் ஆயின என்று பல நூல்களில் எழுதியிருக்கிறது. அப்படி நடந்ததற்குச் சான்று இல்லை. இளம் சூரியனைச் சுற்றிச் சுழன்ற வட்டில் ஹைட்ரஜனும் ஹீலியமும் எல்லா இடத்திலும் இருந்தன. இன்று பூமி இருக்கும் இடத்திலும் நிறையில் 99 சதவீதம் வாயுதான். அந்த ஹைட்ரஜன் எங்கேயும் உறையவும் இல்லை. நெப்டியூன் இருக்கும் குளிரிலும் உறையவில்லை. உறைந்தது தண்ணீர். வியாழனின் நிறை 318 பூமிகளுக்குச் சமம், அதில் பெரும்பங்கு உறையாத வாயு. உறைந்த தண்ணீர் எப்படி உறையாத வாயுவைக் கொண்டுவந்து சேர்த்தது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

கதை உறைபனிக் கோட்டில் தொடங்குகிறது. வட்டில் அழுத்தம் மிகமிகக் குறைவு. நம் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்திருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் திரவமாக நிற்காது. ஆவியாக இருக்கும், இல்லையென்றால் நேரே பனியாகிவிடும். உறைவதும் பூஜ்யம் டிகிரியில் இல்லை. ஏறத்தாழ மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தால்தான் ஆவி தூசியின் மேல் பனியாகப் படியும். 1981இல் ஜப்பானிய வானியற்பியலாளர் சுஷிரோ ஹயாஷி போட்ட கணக்கின்படி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 2.7 மடங்கு தூரத்தில் இந்தக் கோடு விழுகிறது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, குறுங்கோள் பட்டையின் மத்தியில். பட்டையின் உள்பக்கத்தில் வறண்ட பாறைக் குறுங்கோள்களும் வெளிப்பக்கத்தில் நீர் கலந்த கனிமங்களுடைய கரிய குறுங்கோள்களும் மிகுந்திருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

கோடு என்றதும் வானத்தில் தெரியும் ஒரு வளையத்தை நினைத்துவிடக் கூடாது. 2016இல் சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி வி883 ஓரியோனிஸ் என்ற இளம் விண்மீனைப் படம் எடுத்தபோது, பனிக்கோட்டையே முதன்முறையாகப் படம்பிடித்ததாகச் செய்தி பரவியது. படத்தில் இருந்தது தூசியின் பிரகாசம் சட்டென்று மாறிய ஓர் இடம். அதை வைத்துக் கோடு அங்கே இருக்கலாம் என்று ஊகித்தார்கள். பின்னால் மூலக்கூறுகளைக் கொண்டு தேடியபோது, கோடு அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதாகத் தெரிந்தது. அந்த விண்மீன் திடீரென்று கொழுந்துவிட்டு எரிந்து தன் பனியைத் தூரத்துக்கு விரட்டியிருக்கிறது என்பது மட்டும் உண்மை. விண்மீன் பிரகாசித்தால் கோடு வெளியே போகும், வட்டு குளிர்ந்தால் உள்ளே வரும். இது நகரும் எல்லை. இந்த நகர்வு பின்னால் தேவைப்படும்.

சரி, கோட்டைத் தாண்டினால் என்ன லாபம்? பாறைத் தூசியோடு பனியும் சேர்வதால் திடப்பொருள் கூடுகிறது. பழைய கணக்குகளில் நான்கு மடங்கு கூடுவதாக வைத்திருந்தார்கள். சூரியனில் எந்தத் தனிமம் எவ்வளவு என்ற அளவீடுகள் சீரான பிறகு இது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் குறைந்துவிட்டது. பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன: பனி கூடியது, கரு பெருத்தது, வாயுவை இழுத்தது, வியாழன் பிறந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது போதவில்லை.

வளரும் ஒரு கோள்கரு தன் சுற்றுப்பாதையின் இருபுறமும் ஈர்ப்பு எட்டும் தூரம் வரை உள்ள திடப்பொருளைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். அது தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். ஹயாஷியின் வட்டில், பூமி இருக்கும் இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிராம் திடப்பொருள். அங்கே வளர்ச்சி நிற்கும்போது கருவின் நிறை பூமியில் நூற்றில் சில பங்கு, செவ்வாயைவிடவும் சிறியது. வியாழனின் இடத்தில் எட்டும் பரப்பு பெரிது, ஆனால் பொருள் பரந்து மெலிந்துவிடுகிறது. பனியைத் தாராளமாக நான்கு மடங்கு என்று சேர்த்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிராம்தான். அங்கே கிடைக்கும் கரு ஒரு பூமி, கூடினால் இரண்டு பூமி.

தேவையோ ஏறத்தாழ பத்து பூமி. 1980இல் ஹிரோஷி மிசுனோ காட்டியதுபோல, அந்த அளவைத் தொடும் வரை கரு தன்னைச் சுற்றி ஒரு வாயு உறையை மட்டும் போர்த்திக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் உறை தன் எடையைத் தாங்க முடியாமல் சுருங்கும், சுருங்கிய இடத்தில் மேலும் வாயு புகும், அதன் எடையில் இன்னும் சுருங்கும். அப்புறம் அந்த வளர்ச்சிக்குத் தடையில்லை. ஆனால் இதற்கெல்லாம் கால வரம்பு உண்டு. இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள வட்டுகளைப் பார்த்தால், சில பத்து லட்சம் ஆண்டுகளில் வாயு கலைந்துபோய்விடுகிறது. பூமியின் பக்கத்தில் சிறுகருக்கள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து முழுக் கோளாவதற்குப் பல கோடி ஆண்டுகள் ஆயின. அதற்குள் சேர்த்துக்கொள்ள வாயு மிச்சமில்லை. வியாழனின் கரு, வாயு இருக்கும்போதே பத்து பூமியாக வேண்டும். அதற்குச் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிராம் வேண்டும். இருப்பதைப் போல நான்கு மடங்கு.

மிச்சம் எங்கிருந்து வந்தது? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பூஜை அறையில் கற்பூரம் வைக்கும் கண்ணாடிப் பாட்டிலைப் பாருங்கள். மிளகு போட்டு வைத்தாலும் கட்டி கரைந்துகொண்டேதான் வரும். கற்பூரமும் திரவமாகாமல் நேரே ஆவியாகும் பொருள். பாட்டிலின் ஒரு பக்கம் ஜன்னல் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருந்தால், ஆவியான கற்பூரம் நிழற்பக்கக் கண்ணாடியில் வெள்ளைப் பொடியாகப் படியும். பாட்டில் முழுக்கப் பரவிய ஆவி, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட இடத்தில் ஆவி நிலையை இழக்கிறது. இழந்த இடத்தில் ஆவி குறைவதால், வெப்பப் பக்கத்திலிருந்து அடுத்த ஆவி அங்கே நகர்கிறது. இப்படியே வெயில் பக்கத்துக் கற்பூரமெல்லாம் நிழலின் விளிம்புக்குக் குடிபெயர்ந்துவிடும். டேவிட் ஸ்டீவன்சனும் ஜொனாதன் லூனைனும் 1988இல் சூரிய வட்டுக்குச் சொன்னது இதையேதான்: கோட்டுக்கு உட்பக்க நீராவி வெளியே கசிந்து, கோட்டைத் தாண்டியவுடன் ஒரு குறுகிய வளையத்தில் பனியாகக் குவிகிறது.

பாட்டிலில் இருக்கும் கற்பூரம் அவ்வளவுதான், தீர்ந்தால் தீர்ந்தது. வட்டில் சரக்கு வந்துகொண்டே இருக்கும். நிழற்பக்கத்துக் கோடியிலிருந்து யாரோ புதுக் கட்டிகளை வெயில் பக்கமாக ஓயாமல் உருட்டிவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நுழைந்த கட்டி ஆவியாகிறது. அந்த ஆவியில் ஒரு பகுதி திரும்பி வந்து நிழலின் விளிம்பிலேயே படிகிறது. படிகங்கள் தடிக்கின்றன. போதுமான அளவு பெருத்துவிட்ட படிகத்தை உருட்டும் கைக்கு அசைக்க முடியாது. அது அங்கேயே தங்கிவிடுகிறது.

வட்டில் உருட்டிவிடும் கை எதிர்காற்று. சூடான உள்பக்கத்தின் அழுத்தம் வாயுவைக் கொஞ்சம் வெளியே தாங்குவதால், வாயு தன் பாதையில் சற்று மெதுவாகச் சுற்றுகிறது. திடப்பொருளுக்கு அந்தத் தாங்கல் இல்லை. அது முழு வேகத்தில் சுற்றுகிறது. அதனால் நொடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் எப்போதும் எதிர்காற்று வீசும். தூசி வாயுவோடு போய்விடும், மலையளவு பாறை அதைப் பொருட்படுத்தாது. நடுவில் உள்ள கூழாங்கற்கள்தான் வேகமிழந்து சூரியனை நோக்கிச் சுருள்சுருளாக இறங்குகின்றன. வெளிவட்டில் உருவான பனிக் கூழாங்கற்கள் இப்படிப் பனிக்கோட்டுக்கு வந்து சேர்கின்றன. உள்ளூரில் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு இங்கே உடைந்துபோகிறது. கருவுக்கு உணவு வெளியூரிலிருந்தும் வருகிறது.

இது வெறும் காகிதக் கணக்கா? 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நான்கு இளம் வட்டுகளில் நீராவியை அளந்தது. இரண்டு சிறிய, இறுக்கமான வட்டுகள். இரண்டு அகன்ற, வளையங்களாகப் பிரிந்த வட்டுகள். இறுக்கமானவற்றில் பனிக்கோட்டை ஒட்டிய குளிர்ந்த நீராவி கூடுதலாக இருந்தது. வளையங்களும் இடைவெளிகளும் கூழாங்கற்களை வழியில் நிறுத்திவிடுகின்றன, தடையில்லாத வட்டில் அவை கோட்டைத் தாண்டி வந்து ஆவியாகின்றன என்று பார்த்தால் இது பொருந்துகிறது. நான்கே வட்டுகள்தான், முடிவாகச் சொல்லப் போதாது. ஆனால் எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த வெப்பநிலையில் ஆவி இருக்கிறது.

கோட்டுக்கு இன்னும் வெளியே இருக்கும் யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் முறையே 14, 17 பூமி நிறைதான். அங்கே பனிக்குக் குறைவில்லை, நேரத்துக்குத்தான் குறைவு. சூரியனை ஒருமுறை சுற்றவே நெப்டியூனுக்கு 165 ஆண்டுகள் ஆகும். எல்லா மோதலும் மெதுவாக நடக்கும். அவற்றின் கரு தேறும்போது வாயு வடிந்துகொண்டிருந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இப்போது நகரும் கோட்டுக்கு வருவோம். வட்டு குளிரக் குளிரப் பனிக்கோடு உள்ளே வந்து, பூமியின் பாதையையும் கடந்திருக்க வேண்டும் என்று பல கணக்குகள் சொல்கின்றன. அப்படியானால் பனிக் கூழாங்கற்கள் இங்கேயும் கொட்டியிருக்கும், பூமி பாதி பனியால் ஆன கோளாக இருந்திருக்கும். ஆனால் நம் கடல்கள் எல்லாம் சேர்ந்து பூமியின் நிறையில் 0.02 சதவீதம்தான். அலெஸ்ஸாண்ட்ரோ மார்பிடெல்லியும் உடன் ஆய்ந்தவர்களும் 2016இல் இதற்கு ஒரு காரணம் முன்வைத்தார்கள். ஏறத்தாழ இருபது பூமி நிறையை எட்டிய வியாழன், தன் பாதைக்கு வெளியே வாயுவில் ஓர் அழுத்த மேட்டை எழுப்பியது. அங்கே எதிர்காற்று நின்றுபோனது, கூழாங்கற்களும் நின்றுவிட்டன. கோடு உள்ளே வந்தபோது உறைவதற்கான குளிர் வந்தது, ஆனால் பனி வந்து சேரவில்லை.

இதற்கு ஆதரவாகக் காட்டப்படுவது விண்கற்கள். மாலிப்டினம் போன்ற தனிமங்களின் ஐசோடோப்பு அளவைப் பார்த்தால் விண்கற்கள் தெளிவாக இரண்டு குலமாகப் பிரிகின்றன. சூரியக் குடும்பம் தொடங்கி ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதை நிறுத்தியிருக்கின்றன. நடுவே சுவராக நின்றது வியாழனின் கரு என்று 2017இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எந்தக் கோளும் இல்லாமலே வட்டில் அழுத்த மேடு தானாக உருவாகியிருக்கலாம், வியாழன் அந்த மேட்டிலேயே பிறகு வளர்ந்திருக்கலாம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். விண்கற்களின் வயது இரண்டு விளக்கங்களுக்குமே இடம் கொடுக்கிறது.