புதுப் போனும் நாலைந்து ஆப்களும்: அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

போன் வந்து சேர்ந்தது, சார்ஜும் ஏறிவிட்டது என்று மலர் சொன்னாள். "இதில் என்னவெல்லாம் ஏற்ற வேண்டும், எழுதி அனுப்பு" என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதைவிடக் குறைவாகத்தான் எழுதப்போகிறேன். எந்த வேலைக்காக இன்னொருவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்களோ, அல்லது வரிசையில் நிற்கிறீர்களோ, அந்த வேலைக்கு மட்டும் ஓர் ஆப் போதும். டார்ச் விளக்கு, பேட்டரியை மிச்சப்படுத்துவது, போனைச் சுத்தம் செய்வது என்று வருகிற ஆப் ஒன்றுமே வேண்டாம். டார்ச் போனிலேயே இருக்கிறது. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் தெரியும். சுத்தம் செய்கிறேன் என்று வருவது பெரும்பாலும் விளம்பரம் காட்டத்தான் வரும். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கவும் தனி ஆப் தேவையில்லை. கேமராவில் படம் எடுத்து, இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள்.

முதல் வேலை விசைப்பலகை. நீங்கள் எழுதுகிற தமிழுக்கு போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவது பெரிய தண்டனை. உங்கள் போனில் Gboard என்பது ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ப்ளே ஸ்டோரில் அந்தப் பெயரைத் தேடி இறக்கச் சொல்லுங்கள். அதன் அமைப்புகளில் மொழிகள் என்ற இடத்தில் தமிழைச் சேர்த்தால், விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள மைக் படத்தைத் தொட்டுவிட்டு நீங்கள் பேசுவதெல்லாம் எழுத்தாக விழும். பேச்சுத் தமிழை அது அப்படியே பிடிக்காது. கொஞ்சம் நிறுத்தி, வாசகமாகச் சொன்னால் நன்றாகவே எழுதும். ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர், மருந்தின் பெயர் மூன்றிலும்தான் உளறும். அதனால் அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். டாக்டருக்கு மாத்திரைப் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த வழி வேண்டாம், அட்டையைப் படம் எடுத்து அனுப்புவதே நல்லது.

இரண்டாவது வாட்ஸ்அப். பேரன் பேத்திகளைப் பார்த்துப் பேச அது வேண்டும், அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஏற்றியவுடன் மலரிடம் சொல்லி அமைப்புகளில் மூன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று, தனியுரிமைப் பகுதியில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் செய்வது. அந்த அழைப்பு பட்டியலில் இருக்கும், ஆனால் மணி அடிக்காது. 'டிஜிட்டல் கைது' என்று போலீஸ் உடையில் வீடியோவில் வந்து மிரட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. இரண்டாவது, உங்களை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று வைப்பது. மூன்றாவது, படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துவது. காலை வணக்கப் பூக்கள் எல்லாம் தானே இறங்கினால் கொஞ்ச நாளில் போனில் இடம் இருக்காது. பிறகு நமக்கு வேண்டிய ஆப் ஏறாது.

ஓர் ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தேகூட வரலாம், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். கோப்பின் பெயர் .apk என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, ஓர் ஆப். தொட்டால், 'தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவ அனுமதிக்கவா' என்று போனே கேட்கும். அங்கே நிறுத்திவிட்டால் ஒன்றும் ஆகாது. அனுமதித்தால், அடுத்து உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அதில்தானே வருகிறது! உண்மையான கல்யாணப் பத்திரிகை படமாகவோ, பி.டி.எஃப். ஆகவோ வரும், இல்லாவிட்டால் ஆளே வீட்டுக்கு வருவார்.

இனி, இந்தப் போன் வாங்கச் சொன்னதற்கே முக்கிய காரணமான விஷயம்: உங்கள் உயிர்வாழ் சான்று.

மாமாவின் ரயில்வே குடும்ப ஓய்வூதியத்துக்காக நவம்பர் வந்தால் பொன்மலையிலிருந்து ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போகிறீர்கள். அங்கே விரல்ரேகைக் கருவி உங்கள் விரலை ஏற்காது. துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள். வயதானால் விரல்ரேகை தேய்ந்துவிடுகிறது, அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? இதே சான்றை முகத்தைக் காட்டி, சொந்தப் போனிலேயே கொடுக்கும் வசதி 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். உங்களுக்கு 81, ஆகவே நவம்பர் நெரிசலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இதற்கு இரண்டு ஆப் வேண்டும். முதலில் AadhaarFaceRD. இது ஆதார் ஆணையம் வெளியிட்டது. ஏற்றிய பிறகு திரையில் இதற்குப் படம் எதுவும் வராது. காணோம் என்று திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள், அது பின்னால் இருந்து வேலை செய்யும். இரண்டாவது Jeevan Pramaan. இரண்டையும் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

உட்காரும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார் அட்டை, ஓய்வூதிய ஆணைப் புத்தகம், வங்கிப் பாஸ்புத்தகம். இமெயில் முகவரியும் கேட்கும், மலருடையதைக் கொடுக்கலாம். பகல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி, ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டு, போன் ஏற்காது.

ஆப் திறந்ததும் முதலில் 'ஆபரேட்டர்' என்று ஓர் ஆளைப் பதியச் சொல்லும். இந்த இடத்தில்தான் பலரும் குழம்பி மூடிவிடுகிறார்கள். போனை இயக்குகிறவர் யார் என்று கேட்கிறது, அவ்வளவுதான். அது நீங்களாகவே இருக்கலாம், மலராகவும் இருக்கலாம். ஆதார் எண், கைபேசி எண் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் போட்டு, முகம் காட்ட வேண்டும். அந்தப் போனில் இது ஒருமுறை செய்தால் போதும்.

அதன் பிறகு ஓய்வூதியர் பகுதி. மறுபடி ஆதார் எண், ஓ.டி.பி. பின்பு விவரங்கள். ஓய்வூதிய வகையில் Family என்பதைத் தேர்ந்தெடுங்கள். Service என்பது வேலை பார்த்தவருக்கு. ஆணை வழங்கியவர் மத்திய அரசு, ரயில்வே. பணம் தருவது உங்கள் வங்கி. ஓய்வூதிய ஆணை எண்ணையும் கணக்கு எண்ணையும் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் ஆப் அப்போது ஒன்றும் சொல்லாது. பின்னால் வங்கி நிராகரித்துவிடும். மறுமணம் செய்துகொண்டீர்களா என்றும் கேட்கும். சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று போட்டுவிடுங்கள்.

கடைசியில் கேமரா. திரையில் வட்டம் வரும், முகம் அதற்குள் இருக்க வேண்டும். போனை மலர் பிடிக்கட்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும், படத்தை வைத்து யாரும் ஏமாற்றக்கூடாது என்பதற்காக. ஏற்காவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். முடிந்ததும் 'பிரமாண் ஐ.டி.' என்று ஓர் எண் குறுஞ்செய்தியாக வரும். அதை டைரியில் எழுதி வையுங்கள். ஆனால் அந்த எண் வந்தாலே சான்று ஏற்கப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பதிவாகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். ஏற்றார்களா, நிராகரித்தார்களா என்பதை அந்த எண்ணை வைத்து jeevanpramaan.gov.in தளத்தில் பார்க்கலாம். நிராகரித்திருந்தால் விவரத்தைத் திருத்தி மறுபடி கொடுக்கலாம், அக்டோபரிலேயே செய்யச் சொல்வது அதனால்தான். நவம்பர் முடியும்வரை சான்று போகாவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு வரும் என்றாலும், நடுவில் மருந்துக்கு யார் தருவது?

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 'ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உயிர்வாழ் சான்றை நாங்களே புதுப்பித்துத் தருகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். எந்த அலுவலகமும் அப்படிப் புதுப்பிப்பதில்லை. உங்கள் ஆணை எண்ணையும் சேர்ந்த தேதியையும் சரியாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்த விவரங்கள் எங்கெங்கோ கசிந்து கிடக்கின்றன.

பணம் அனுப்பும் ஆப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்று போதும், BHIM ஏற்றிக்கொள்ளுங்கள். தமிழிலும் இருக்கிறது. ஆனால் ஓய்வூதியம் வருகிற கணக்கை அதில் இணைக்காதீர்கள். வேறொரு வங்கியில் சின்னக் கணக்கு ஒன்றை வைத்து, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு, அதை இணையுங்கள். தவறு நடந்தாலும் போவது அந்த மாதக் காசோடு நிற்கும். அதிலும் 'யு.பி.ஐ. லைட்' என்று ஒரு வசதி உண்டு: பர்ஸில் சில்லறை வைப்பதுபோல அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டால், கீரைக்காரம்மாவுக்கும் மருந்துக்கடைக்கும் 1,000 ரூபாய் வரையிலான தொகையை ரகசிய எண் இல்லாமலே கொடுக்கலாம். பத்துப் பேர் பார்க்க எண்ணைத் தட்டுகிற வேலை மிச்சம். ஆனால் போன் தொலைந்தால் அந்தத் தொகைக்கு ஆபத்து, ஆகவே ஆயிரம் இரண்டாயிரத்துக்கு மேல் வைக்காதீர்கள், போனுக்கும் பூட்டு போட்டு வையுங்கள்.

பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. 'உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணைப் போட்டால் ஏறும்' என்று யார் சொன்னாலும் பொய். கட்டச் சதுரப் படத்தை ஸ்கேன் செய்வதும் கொடுப்பதற்குத்தான், வாங்குவதற்கு நாம் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. அப்படியும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க முயல்வார்கள், அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

கரண்ட் பில்லுக்கென்று தனி ஆப் கேட்டீர்கள். அது வேண்டாம். BHIM-இலேயே பில் கட்டும் பகுதியில் மின்சாரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டு மின்வாரியத்தைத் தேர்ந்து, அட்டையில் உள்ள இணைப்பு எண்ணைப் போட்டால் தொகை தானே வரும். முதல் முறை மலர் பக்கத்தில் இருக்கும்போது கட்டுங்கள். ரசீதைத் திரைப்படமாக எடுத்து எனக்கும் அனுப்பிவிடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்