உஷார்! ஏ1சி நார்மல் என்று எழுதும் முன் ஹீமோகுளோபினைப் பாருங்கள்

கேஸ் ஷீட் எழுதும் டாக்டர் பிள்ளைகளே, ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வையுங்கள்.

ஏ1சி 6.1 என்று ரிப்போர்ட் வருகிறது. உடனே கை ஓடுகிறது: "சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் உள்ளது. அதே மருந்து தொடரவும்." பத்தே விநாடியில் வேலை முடிந்தது.

அந்த நோயாளிக்கு ரத்தசோகையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால், அந்த ஒரு வரி அவர் காலையே எடுத்துவிடக்கூடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நடந்ததைக் கேளுங்கள்.

58 வயதுக்காரர். நீண்ட நாள் சர்க்கரை நோய். கிரியேட்டினின் 4.1, ஹீமோகுளோபின் 8.2. வாராவாரம் எரித்ரோபாய்டின் ஊசி போடுகிறார். ஆறு வாரத்துக்கு முன் 2 யூனிட் ரத்தமும் ஏற்றியிருந்தார்கள். அன்றைக்கு வந்த ஏ1சி 6.1. அவர் மனைவி வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்த அளவுகளைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தார். வெறும் வயிற்றில் 150 முதல் 170, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 240 முதல் 290. அந்தத் தாளை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. "நல்ல கட்டுப்பாடு" என்று எழுதியாயிற்று.

அந்த வரி டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போனது. அதைப் பார்த்துக் கண் டாக்டர் எழுதினார். அவரைப் பார்த்து சிறுநீரகப் பிரிவில் எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். அன்று சர்க்கரை 380. அப்போதும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் "நல்ல கட்டுப்பாடு" என்றே இருந்தது!

ஏன் இப்படி? சிவப்பணு சுமார் 120 நாள் ரத்தத்தில் சுற்றுகிறது. அத்தனை நாளும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை ஒட்டுகிறது. ஒட்டியது எத்தனை சதவீதம் என்பதுதான் ஏ1சி. அணு முழு ஆயுளும் வாழ்ந்தால்தான் கணக்கு சரியாக வரும். சிறுநீரகம் கெட்டவருக்கு அணுவின் ஆயுள் குறைகிறது. எரித்ரோபாய்டின் போட்டால் புத்தம் புது அணுக்கள் வந்து குவிகின்றன. ஏற்றிய ரத்தமோ வேறொருவருடையது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிடம் மூன்று மாத வரவுசெலவு கேட்டால் என்ன சொல்வார்? ஏ1சி பொய்யாகக் குறைகிறது.

எப்போதும் குறையும் என்றும் நம்பிவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவில் புது அணு உற்பத்தி மந்தமாகிறது, கிழட்டு அணுக்களின் பங்கு கூடுகிறது. ஏ1சி பொய்யாக ஏறுகிறது. அதிக உதிரப்போக்கால் இரும்பு வற்றிப்போன பெண்ணுக்கு ஏ1சி 7.4 என்று பார்த்து மாத்திரையைக் கூட்டுவீர்கள். அவருடைய உண்மையான சர்க்கரையோ ஏற்கெனவே இலக்கில் இருக்கும். விடியற்காலையில் வியர்த்து மயங்கி விழுவார். சிறுநீரகமும் பழுதானவர் என்றால் ஆபத்து இரட்டிப்பு. இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது. தாழ்சர்க்கரை நீடிக்கும்.

இரும்பும் குறைந்து சிறுநீரகமும் கெட்டிருந்தால்? ஒன்று மேலே இழுக்கும், ஒன்று கீழே இழுக்கும். எது வென்றது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உஷார்:

- ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது. அல்லது இரும்புச் சிகிச்சை தொடங்கி ஏறிக்கொண்டிருக்கிறது.
- கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், அல்லது ரத்தப்போக்கு இருந்திருக்கிறது.
- எரித்ரோபாய்டின் ஊசி போடுகிறார்.
- இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே, அல்லது டயாலிசிஸில் இருக்கிறார்.
- தலசீமியா, சிக்கிள் செல் போன்ற பரம்பரைக் கோளாறு உண்டு. அல்லது டாப்சோன் போல அணுக்களை உடைக்கும் மருந்து சாப்பிடுகிறார்.
- வீட்டு அளவும் ஏ1சியும் ஒத்துப்போகவில்லை.

கடைசியைச் சோதிப்பது சுலபம். ஏ1சியை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழியுங்கள். சராசரி சர்க்கரை கிடைக்கும். 6.1-க்கு 128 வருகிறது. அந்தக் காலண்டர் தாளிலோ 150-க்குக் கீழே ஒரு எண் கூட இல்லை! சராசரி 128 எங்கிருந்து வரும்? அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும்.

குளுக்கோமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ரத்தசோகை அதிகமிருந்தால் சில மீட்டர்கள் கூட்டிக் காட்டும். ஒருமுறை மீட்டரிலும், அதே நேரத்தில் கையில் ரத்தம் எடுத்து லேபிலும் பார்த்து ஒப்பிடுங்கள். ஃப்ரக்டோசமைன், கிளைகேட்டட் ஆல்புமின் கேட்கலாம் என்று தோன்றும். அவை இரண்டு, மூன்று வாரக் கதையைச் சொல்லும். ஆனால் சிறுநீரில் புரதம் நிறையப் போகிறவருக்கு அவையும் பொய்யாகக் குறையும். வசதியிருந்தால் தோலில் ஒட்டும் சென்சாரை இரண்டு வாரம் போட்டுப் பார்ப்பது நல்லது. அது சிவப்பணுவின் வயதை நம்பி இருப்பதில்லை.

சரி, என்னதான் எழுதுவது? மதிப்பீட்டில் நாலு விஷயம் இருக்க வேண்டும். ஏ1சி எவ்வளவு, அதை ஏன் நம்பவில்லை, எதை நம்பினீர்கள், தாழ்சர்க்கரை வந்ததா. அந்த 58 வயதுக்காரருக்கு, லேபில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, இப்படி எழுதியிருக்கலாம்:

"டைப் 2 சர்க்கரை நோய், சிறுநீரக நோய் 4-ஆம் நிலை, ரத்தசோகை. ஏ1சி 6.1, ஆறு வாரத்துக்கு முன் ரத்தம் ஏற்றியதாலும் எரித்ரோபாய்டினாலும் பொய்யாகக் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம், கட்டுப்பாட்டை அளக்க அதைப் பயன்படுத்தவில்லை. இரண்டு வார வீட்டு அளவு: வெறும் வயிற்றில் 150–170, மதிய உணவுக்குப் பின் 240–290, லேப் அளவோடு ஒத்துப்போகிறது. தாழ்சர்க்கரை இல்லை. சர்க்கரை இலக்குக்கு மேல் உள்ளது, குறிப்பாகச் சாப்பாட்டுக்குப் பின்."

வீட்டு அளவே இல்லையா? அப்போது "நல்ல கட்டுப்பாடு" என்றும் எழுதாதீர்கள், "மோசமான கட்டுப்பாடு" என்றும் எழுதாதீர்கள். "ஏ1சி இவருக்கு நம்பத் தகுந்ததல்ல, கட்டுப்பாட்டை இப்போது சொல்ல இயலாது, இரண்டு வார அளவுகள் கேட்கப்பட்டுள்ளன" என்று எழுதுங்கள். தெரியாது என்று எழுதுவதும் மதிப்பீடுதான். அடுத்துப் பார்க்கும் டாக்டர் அங்கிருந்து தொடங்குவார்.

இன்னொரு தப்பும் செய்யாதீர்கள். வீட்டுச் சராசரி 210 என்றால் கணக்கை மாற்றிப் போட்டு "உண்மையான ஏ1சி 8.9" என்று எழுதிவிடாதீர்கள். விரலில் குத்திய சில நேரங்களின் சராசரி, முழு நாளின் சராசரி ஆகாது. நாளைக்கு ஒருவர் அந்த 8.9-ஐ லேப் ரிப்போர்ட் என்று நினைத்து இன்சுலினைக் கூட்டுவார். அளந்த எண்ணை மட்டும் எழுதுங்கள்.

இன்று ரவுண்ட்ஸில் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டுங்கள். "நல்ல கட்டுப்பாடு" என்ற வரியும், 10-க்குக் கீழே ஹீமோகுளோபினும் ஒரே ஷீட்டில் இருந்தால், அந்த வரியை அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதாதீர்கள். முதலில் நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பாருங்கள். பிறகு வீட்டு அளவைக் கேளுங்கள்.