வயிறு பேசும் – 14: இரண்டு கறுப்புகள்

"வெளிக்குக் கறுப்பாத்தான் போகுது. சத்து மாத்திரை போட்டா அப்படித்தான் போகும்னு நீங்கதானே சொன்னீங்க, டாக்டரம்மா?"

சொன்னது நான்தான். அறுபது வயது தாண்டிய அந்த அம்மாவுக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தபோது, மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அவரை மகள் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. உதடு வெளுத்திருந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112.

மலம் பழுப்பாக இருப்பதற்குக் காரணம் பித்தம். ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் உடைவதில் உண்டாகும் மஞ்சள் நிறமி பித்தத்தோடு குடலுக்குள் இறங்குகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் பழுப்பாக்குகின்றன. அதன்மேல் சாப்பாடும் மருந்தும் தம் சாயத்தை ஏற்றும். பீட்ரூட் சிவப்பாக்கும், கீரை பச்சையாக்கும். இந்தச் சாயங்களெல்லாம் ஓரிரு நாளில் போய்விடும்.

கறுப்பில்தான் சிக்கல். மாத்திரையில் உள்ள இரும்பில் குடல் உறிஞ்சிக்கொள்வது கொஞ்சமே. மிச்சம் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கிறது. ரத்தப் பொரியல் சாப்பிட்ட மறுநாளும் கறுப்பாகப் போகலாம். அப்படியானால் நம் சொந்த ரத்தம் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்தாலும் அதே கதைதானே? அதேதான். அமிலமும் செரிமான நீர்களும் நுண்ணுயிரிகளும் பல மணி நேரம் அதில் வேலை செய்வதால், சிவப்பாகக் கசிந்தது கறுப்பாக வெளியே வருகிறது. சுமார் 50 முதல் 100 மில்லி கசிந்தாலே போதும், ஒரு டம்ளரில் கால் பங்கோ அரைப் பங்கோதான்.

இரண்டும் கறுப்புதான் என்றாலும் ஒரே கறுப்பல்ல. மாத்திரைக் கறுப்பு பெரும்பாலும் கெட்டியாக, வழக்கமான உருவத்தோடு வரும். வெள்ளைத்தாளில் தேய்த்தால் ஓரத்தில் கரும்பச்சைச் சாயல் தெரியும். நாற்றம் வழக்கம்போலத்தான். ரத்தக் கறுப்போ சாலை போடும் தார் மாதிரி பளபளக்கும், பிசுபிசுக்கும். தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானை விட்டுப் போகாது, கரைகிற ஓரத்தில் செந்நிறம் தென்படலாம். அதன் நாற்றம் தனி. ஒருமுறை முகர்ந்த நர்ஸ், வார்டு வாசலில் நின்றே சொல்லிவிடுவார்.

அதனால் அந்த அம்மாவிடம் நிறத்தைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. "எப்படிப் போகுதும்மா?" என்றேன். இரண்டு நாளாகக் கூழ் மாதிரி, நாளுக்கு மூன்று நான்கு தடவை. "ரெண்டு வாளி ஊத்தினாலும் போக மாட்டேங்குது" என்றார் மகள். வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "மூட்டுவலிக்கு மெடிக்கல்ல வாங்கிப் போடுவாங்க. அது மருந்துன்னு சொல்லணுமா?"

டைக்ளோஃபினாக். காலையும் மாலையும், ஒன்றரை மாதமாக. இந்த வகை வலிமாத்திரைகள், வலியைத் தூண்டும் வேதிப்பொருள் உற்பத்தியாவதைத் தடுக்கின்றன. அதே குடும்பத்துப் பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. அந்தக் காவல் போனால் புண் வந்து ரத்தம் கசியும். அதற்கு முன்பு வயிற்றுவலி வரவேண்டும் என்பதில்லை. வயதானவர்களுக்குப் பலமுறை கறுப்பு மலம்தான் முதல் அறிகுறி.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.1. யூரியாவும் ஏறியிருந்தது. குடலில் இறங்கிய ரத்தமும் புரதம்தானே, அது செரிக்கும்போது யூரியா கூடும். உடனே சேர்த்து, ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பி பார்த்ததில் முன்சிறுகுடலில் ஒரு புண். எண்டோஸ்கோப்பி வழியாகவே கசிவை அடைத்தார்கள்.

என் தவறு பாதிச் சேதியைச் சொன்னது. "கறுத்தால் பயப்படாதீர்கள்" என்பதோடு, "ஒட்டினால், நாறினால், தலை சுற்றினால் அன்றைக்கே வாருங்கள்" என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இதற்கு நேர்மாறான நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். மலம் சுண்ணாம்பு போல வெளுத்தால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள். கூடவே சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகி, கண்ணும் மஞ்சளானால் பித்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தையிடம் இதைக் கண்டால் நாள் கடத்தவே கூடாது. பித்தக்குழாய் உருவாகாத குழந்தைக்கான அறுவை, பிறந்து இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் அதிகம்.

அந்த அம்மா வீடு திரும்பினார். வலிமாத்திரையை நிறுத்தி, இரும்புச்சத்து மாத்திரையை மறுபடி தொடங்கினோம். பத்து நாளில் போன்.

"கறுப்புதான் டாக்டரம்மா. ஆனா கட்டியா இருக்கு. ஒரு சொம்புத் தண்ணியில போயிடுச்சு. வரணுமா?"

"வேண்டாம்மா."