வாமனனின் குடை

எங்கள் வீட்டு தசாவதாரத்தில் வாமனனுக்குக் குடை இல்லை. 1984 புரட்டாசியில் எழும்பூரில் ஏறி கும்பகோணத்தில் இறங்குவதற்குள் முறிந்துவிட்டது. கொலு பார்க்க வருகிற பிள்ளைகள் இன்றும் கேட்கிறார்கள், இந்த மாமா எதற்குக் கையை மடக்கித் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்று.

அப்பாவுக்கு சென்னையில் உத்தியோகம். மகாளய அமாவாசைக்கு ஊருக்குப் போகும்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு புது பொம்மை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். ஒற்றைப் பொம்மையென்றால் பிரச்சினை இல்லை, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். அந்த வருடம் போனஸ் வந்திருந்தது. முழு தசாவதாரமே வாங்கிவிட்டார். களிமண் பொம்மைகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், கனம் வேறு.

வீட்டிலிருந்த தகரப் பெட்டியைக் காலி செய்தார். அடியில் பழைய வேட்டி இரண்டை நாலாக மடித்துப் போட்டார். ஒவ்வொரு பொம்மையையும் நைந்த நூல் புடவைத் துண்டில் சுற்றி நூலால் கட்டினார். கடைக்காரர் கொடுத்த வைக்கோலை இடுக்கிலெல்லாம் திணித்தார். கீழே ஆறு, மேலே நாலு. மூடி சற்று முரண்டு பிடித்தது. அண்ணன் மேலே உட்கார, அப்பா கொக்கியை மாட்டினார். அந்த நாளில் அப்படித்தான். பெட்டி மூடவில்லையென்றால் வீட்டில் கனமான ஆளைத் தேடுவார்கள்.

அப்போது மெயின் லைன் முழுக்க மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே மீட்டர் இடைவெளி. வண்டி தொட்டில் மாதிரி பக்கவாட்டில் ஆடிக்கொண்டே போகும். சோழன் எக்ஸ்பிரஸில் பலகை இருக்கைக்கு அடியில் பெட்டியைத் தள்ளி, அது நகராமல் இருக்க அப்பா விழுப்புரம் வரை ஒரு காலும் அதற்கப்பால் இன்னொரு காலுமாக முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார். கும்பகோணத்தில் ஜட்கா வைத்தோம். கல் பாவிய தெருவில் பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டார்.

ஊரில் பாட்டிதான் பிரித்தார். வாமனனைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் குடை தனியாக வந்தது. அப்பா ரயிலைத் திட்டத் தொடங்கினார். பாட்டி கேட்கவில்லை. துணியை விரித்து, உள்ளே உதிர்ந்திருந்த மண் துணுக்கைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பரசுராமரையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“ரயில் ஆட்டி உடைக்கலைடா. நீ அமுக்கி உடைச்சிருக்கே.”

இதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். பொம்மைகள் பெட்டிக்குள் ஆடி ஒன்றோடொன்று இடித்திருந்தால் வண்ணம் உரசியிருக்கும். மூக்கு, கிரீட நுனி, முழங்கை இவற்றில் வெள்ளை தெரியும். துணியிலும் சாயம் படிந்திருக்கும். அன்று ஒரு பொம்மையிலும் கீறல் இல்லை. முறிந்தது மிக மெல்லிய ஒரே இடம், குடைக் காம்பு. அதுவும் மேல் அடுக்கில், மூடிக்கு நேர் கீழே இருந்த பொம்மையில். ஆகவே வண்டி கிளம்பும் முன்பே, அண்ணன் பெட்டி மேல் உட்கார்ந்த அந்த நிமிடத்திலேயே முறிந்திருக்க வேண்டும். அண்ணன் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் போனவர்கள் பாடு இன்னும் மோசம். பெட்டியும் படுக்கையும் கூரை மேல் போகும். ஏணியில் ஏறி நிற்பவர் கீழேயிருந்து வீசுவதைப் பிடித்து அடுக்குவார். பொம்மை வைத்திருப்பவர்கள் அதனால் மேலே கொடுக்கவே மாட்டார்கள். மூங்கில் கூடையில் வைக்கோலுக்கு நடுவே பொம்மையை வைத்து, கூடையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்தபடி பயணம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். அதைவிட நல்ல பாதுகாப்பு இன்றைக்கும் வரவில்லை என்பது என் எண்ணம். உடம்புதான் மரத்துப் போகும்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். போன வருடம் தம்பி வீட்டுக்கு என்று ஒரு புது தசாவதாரம் வாங்கிக்கொண்டு போனேன். அதே வடக்கு மாட வீதி. பொம்மைதான் மாறியிருந்தது. களிமண் அல்ல, காகிதக் கூழ். அதே சாண் உயரம், கையில் எடுத்தால் பாதிக் கனம்கூட இல்லை. கீழே விழுந்தால் களிமண் மாதிரி சுக்குநூறாகாது. விரல் நுனி ஒடியும், ஓரம் நசுங்கும். ஆனால் ஈரம் ஆகாது. ஊறினால் உப்பி, வண்ணம் தோலாக உரிந்துவரும்.

கடையில் பபிள் ராப்பில் சுற்றித் தந்தார்கள். முந்தைய வருடம் அப்படியே எடுத்துப் போய் ஒரு பாடம் படித்திருந்தேன். ஒரு கிருஷ்ணர் பொம்மை. ஊரில் பிரித்தால் நீல மேனி முழுக்க அம்மைத் தழும்பு போல வட்டம் வட்டமாகத் தடம். புது வண்ணம், வெயிலில் நின்ற ஆட்டோ, இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் — மூன்றும் சேர்ந்து செய்த வேலை. பார்த்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தடம் போகவில்லை. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் பிரித்து, முதல் சுற்று பழைய மல் வேட்டி, அதன் மேல்தான் பபிள் ராப் என்று மாற்றினேன். செய்தித்தாளையும் மேனியில் படவிடவில்லை. அதன் மை வெளிர் நிற முகத்தில் ஒட்டும். ஆனால் கசக்கி உருட்டி இடுக்கில் திணிக்க அதைவிட நல்ல பொருள் இல்லை.

அடுத்தது பெட்டி. ரயில்வே விதிப்படி, பயணிகள் கையோடு கொண்டுவரும் பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும், மூன்றடுக்கு ஏ.சி.யில் அளவு இன்னும் குறைவு. யாரும் அளந்து பார்ப்பதில்லை என்றாலும் படுக்கைக்கு அடியில் நுழைய வேண்டுமே. சாண் உயரப் பொம்மையை நிறுத்தி வைத்து மேலும் கீழும் மெத்தை போட்டால் 25 தாண்டிவிடும். படுக்க வைத்தால் பெட்டி தணிந்துவிடும். கொலு முடிந்த இரவு பொம்மையைப் படுக்க வைப்பது நம் வழக்கம்தானே, வருகிற வழியிலும் படுத்தே வரட்டும்.

இரண்டே அடி நீளம், ஒரு அடி அகலமுள்ள இரண்டு அட்டைப் பெட்டிகள் எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு ஐந்து பொம்மை, ஒரே அடுக்கு. மேலே எதுவும் கிடையாது. அடியில் மூன்று விரல் உயரத்துக்குக் கசக்கிய தாள், அதன் மேல் பொம்மைகள் மல்லாக்க, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே துணிச் சுருள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பொம்மையின் கனம் முதுகிலும் இடுப்பிலும் தாங்க வேண்டும், கையிலோ ஆயுதத்திலோ இல்லை. ராமரின் வில்லைச் சுற்றி இறுக்கக் கூடாது. வில்லுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள குழிவில் பஞ்சை வைத்து, வெளியே தளர்வாக விட வேண்டும். அப்பா செய்த பிழை இதுதான். துணி, கை, குடை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினார். கட்டின நூலே காம்பை வளைத்திருக்கும்.

கல்கி மட்டும் படுக்க மறுத்தார். குதிரை மேல் இருக்கிறவரை எப்படிச் சாய்த்தாலும் குதிரையின் ஒரு கால் சுமை தாங்கும். அவரைப் பெட்டி மூலையில் நிறுத்தி, குதிரையின் வயிற்றுக்கு அடியில் துணியைத் திணித்துக்கொண்டே போனேன், நாலு குளம்பும் அட்டையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் வரை. கூர்மமும் மச்சமும் ஒரு தொந்தரவும் தரவில்லை.

மூடி, ஒட்டுவதற்கு முன் பெட்டியைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டினேன். இரண்டாவது பெட்டியில் ‘கடக்’ என்றது. பிரித்துப் பார்த்தால் பலராமரின் கால்பக்கம் கையளவு வெற்றிடம். இன்னும் நாலு தாள் போயிற்று. சத்தம் அடங்கியது. மூடியை அமுக்கினால் லேசாகக் கொடுத்து மறுபடி எழும்ப வேண்டும். அமுக்கவே முடியாத கெட்டித்தனம் என்றால் அண்ணன் உட்கார்ந்த பெட்டிதான் அது.

உழவன் எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி. 2010-இல் மெயின் லைன் அகலப் பாதையாகத் திறந்ததிலிருந்து பழைய தொட்டில் ஆட்டம் இல்லை. ஆனால் புது மாதிரி எல்.எச்.பி. பெட்டிகள் கோத்த வண்டிகளில், கிளம்பும்போதும் நிற்கும்போதும் ‘வெடுக்’கென்று ஓர் இழுப்பு வரும், அது பாதையின் நீளவாக்கில் வரும். அதனால் பெட்டியைத் தடுப்புச் சுவரை ஒட்டி வைத்து, மறுபக்கம் துணிப்பையை முட்டுக் கொடுத்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. ராத்திரி யாருடைய தண்ணீர் பாட்டில் கவிழும் என்று சொல்ல முடியாது.

பஸ்ஸுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கூரை போய் டிக்கி வந்துவிட்டது. வீசுவது மட்டும் போகவில்லை. நம் பெட்டி முதலில் ஏறினால் கடைசியில் வருபவரின் அரிசி மூட்டை அதன் மேல் உட்காரும். கையோடு உள்ளே எடுத்துப் போவதே நல்லது, அதுவும் இரண்டு அச்சுக்கும் நடுவில் உள்ள இருக்கையில். பின் சக்கரத்துக்கு அப்பால் உள்ள இருக்கையில் வேகத்தடை வந்தால் நாமே எழும்பி விழுகிறோம், பரசுராமர் என்ன செய்வார்?

தெர்மாகோல் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க மெத்தை போலிருக்கும், ஆனால் தட்டையாகப் பட்டால்தான் தாங்கும். பொம்மையின் விரல் ஒரு புள்ளியில் அழுத்தினால் விரல்தான் ஒடியும். உதிர்ந்த மணிகளைக் கூடத்தில் பெருக்கவே ஒரு காலை போய்விடும். பூச்சிக்குப் போடும் நாப்தலின் உருண்டை அதில் பட்டால் அரித்துக் குழி விழும். பாட்டியின் நைந்த புடவை இந்தத் தொல்லை எதையும் தந்ததில்லை. அதை மடித்து வைத்தால் அடுத்த வருடமும் ஆயிற்று.

காலையில் தம்பி வீட்டில் பிரித்தோம். பத்தும் முழுசு. வாமனனின் குடையை இப்போது கம்பி வைத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். அதை மட்டும் பஞ்சு வைத்த ஊதுபத்தி டப்பாவில் தனியாகப் போட்டு என் கைப்பையில் கொண்டுபோனேன். மாட்டி முடித்ததும் தம்பி மகன் அதைத் திருப்பித் திருப்பிக் கழற்ற ஆரம்பித்தான். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் தொலைத்துவிட்டான்.