உஸ்ஸென்ற சத்தம் யாருடையது?

கச்சேரிப் பதிவு ஒன்றை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பாடகர் மூச்சு வாங்க நிறுத்துகிறார். அந்த நொடியில், பின்னால் மெலிதாக ஓர் ‘உஸ்’ கேட்கிறது. மைக்கை மாற்றுவதா, ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதா என்று முடிவெடுக்கும் முன், அந்த ‘உஸ்’ யாருடையது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அதில் ஒரு பங்கு மைக்கினுடையதே. மின்தடை உள்ள எந்தப் பொருளிலும், பேட்டரி எதையும் இணைக்காதபோதுகூட, எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அலைச்சல் அதன் இரு முனைகளிலும் மிகச் சிறிய மின்னழுத்தமாகத் தெரிகிறது. 1928-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் இதை அளந்து வெளியிட்டார். நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு தந்தார். அறை வெப்பத்தில் 1,000 ஓம் தடையின் இரைச்சல் சுமார் 4 நானோவோல்ட். (ஒரு ஹெர்ட்ஸ் அலைவெண் அகலத்துக்கான அளவு இது. கட்டுரை முழுவதும் இதே அளவுகோல்தான்.) தடை நான்கு மடங்கானால் இரைச்சல் இரண்டு மடங்காகும்.

மேடையில் பாடகர் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கின் தடையை 200 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதன் சொந்த இரைச்சல் 1.8 நானோவோல்ட். எவ்வளவு விலை கொடுத்து ஆம்ப்ளிஃபயர் வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. மைக்கின் இரைச்சலோடு நம் ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு கூட்டுகிறது என்பதுதான் கேள்வி.

ஆம்ப்ளிஃபயர் இரண்டு வகையில் இரைச்சலைக் கூட்டுகிறது. அதன் விவரத்தாளில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒன்று மின்னழுத்த இரைச்சல், `en`. எதை இணைத்தாலும் இது மாறாது. மற்றொன்று மின்னோட்ட இரைச்சல், `in`. இது ஆம்ப்ளிஃபயரின் வாசலிலிருந்து மைக்கின் தடை வழியே பாய்ந்து அங்கே மின்னழுத்தமாக மாறுகிறது. ஆகவே, மைக்கின் தடை கூடக்கூட இதன் தொல்லையும் கூடும். ஒலிக்கருவிகளில் பரவலாக இருக்கும் NE5532 சிப்பை எடுத்துக்கொண்டால், `en` 5 நானோவோல்ட், `in` 0.7 பிக்கோஆம்பியர்.

5 நானோவோல்ட் அதிகமா, குறைவா? இதைச் சட்டென்று புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இதே அளவு இரைச்சலை எழுப்பும் தடை எது என்று கேளுங்கள். விடை, சுமார் 1,500 ஓம். இதைச் சம இரைச்சல் தடை என்பார்கள். இரைச்சலே இல்லாத ஓர் ஆம்ப்ளிஃபயரின் முன்னால் 1,500 ஓம் தடை ஒன்று ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். நம் மைக் வெறும் 200 ஓம். இப்போது ‘உஸ்’ யாருடையது என்று கேட்கத் தேவையே இல்லை.

இரைச்சல்களை நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 3-உம் 4-உம் சேர்ந்தால் 7 அல்ல, 5. அப்படிக் கணக்கிட்டால், மைக்கின் 1.8, சிப்பின் 5, மின்னோட்ட இரைச்சல் 200 ஓமில் உண்டாக்கும் 0.14 ஆகிய மூன்றும் சேர்ந்து 5.3 நானோவோல்ட். மைக் மட்டும் எழுப்பும் இரைச்சலைவிட 9 டெசிபெல் அதிகம்.

இனி பலர் வழுக்கி விழும் இடம். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் உகந்த மூலத்தடை ஒன்று உண்டு. `en`-ஐ `in`-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். NE5532-க்கு அது சுமார் 7,100 ஓம். “என் மைக் 200 ஓம்தானே, தொடராக 7,000 ஓம் சேர்த்துவிட்டால் பொருந்திவிடும்” என்று தோன்றும். செய்து பார்ப்போம். 7,200 ஓமின் வெப்ப இரைச்சல் 10.9 நானோவோல்ட். சிப்பின் இரு பங்குகளும் தலா சுமார் 5. மொத்தம் 13. பாட்டின் அளவு அப்படியே இருக்க, இரைச்சல் 5.3-லிருந்து 13 ஆகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஆம்ப்ளிஃபயர் கூட்டிய பங்கை மட்டும் பார்த்தால் அது 9 டெசிபெல்லிலிருந்து 1.5-க்கு இறங்கியிருக்கும். ஆம்ப்ளிஃபயர் நல்ல பிள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், அதன் பக்கத்தில் அதைவிடப் பெரிய இரைச்சல்காரனை உட்காரவைத்ததுதான். உகந்த மூலத்தடை என்பது மொத்த இரைச்சல் குறையும் இடமல்ல. மூலத்தின் இரைச்சலோடு ஒப்பிட, ஆம்ப்ளிஃபயரின் பங்கு குறையும் இடம்.

தடையைச் சேர்க்காமல் உருமாற்றினால் கதை வேறு. ஒன்றுக்கு ஆறு என்ற சுற்று விகிதமுள்ள டிரான்ஸ்ஃபார்மரை இடையில் வைத்தால், 200 ஓம் மைக் ஆம்ப்ளிஃபயரின் கண்ணுக்கு 36 மடங்காக, 7,200 ஓமாகத் தெரியும். மொத்த இரைச்சல் இப்போதும் அதே 13 நானோவோல்ட்தான். ஆனால் பாட்டும் ஆறு மடங்கு ஏறிவிட்டது. மைக்கின் பக்கமிருந்து பார்த்தால் இரைச்சல் 2.2 நானோவோல்ட்தான். டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிச் சுற்றுக்கும் தடை உண்டு என்பதால் நடைமுறையில் இதில் கொஞ்சம் இழப்போம். பக்கத்து மின்கம்பிகளின் ‘ஹம்’ புகாமலிருக்க நல்ல காந்தக் கவசமும் வேண்டும். நல்ல டிரான்ஸ்ஃபார்மருக்கு விலை கூடுதல் என்பதற்கு இவை காரணங்கள்.

இன்னொரு வழி, மைக்குக்கு ஏற்ற சிப்பைத் தேர்ந்தெடுப்பது. AD797-இன் `en` 0.9 நானோவோல்ட், `in` 2 பிக்கோஆம்பியர். உகந்த மூலத்தடை 450 ஓம். 200 ஓம் மைக்கை நேராக இணைத்தாலே மொத்தம் 2.1 நானோவோல்ட். ஆனால் இதே சிப்பைப் பல ஆயிரம் ஓம் மின்மறுப்புள்ள கிட்டார் பிக்கப்புக்கு வைத்தால் அந்த 2 பிக்கோஆம்பியர் பழிவாங்கும். அங்கே 18 நானோவோல்ட் இரைச்சலோடு ‘மட்டமானது’ என்று பெயர் வாங்கும் TL072-கூட முந்திவிடலாம், அதன் மின்னோட்ட இரைச்சல் 0.01 பிக்கோஆம்பியர்தான் என்பதால்.

விலை உயர்ந்த சிப் போட்டும் ‘உஸ்’ குறையவில்லையா? பெருக்க அளவைத் தீர்மானிக்கும் பின்னூட்டத் தடைகளைப் பாருங்கள். தரையிணைப்புக்குப் போகும் தடை 1,000 ஓம் என்றால், அது தன் பங்காக 4 நானோவோல்ட் போட்டுவிடும், 2.1 என்று பெருமைப்பட்ட சுற்று 4.6-க்கு மேலே போய்விடும். அங்கே சில பத்து ஓம்களுக்கு மேல் வைக்கக் கூடாது.

சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை. மைக் பிளக்கின் உலோக உறைக்குள், சிக்னல் முனைகளுக்கிடையே 200 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். வேறொரு பிளக்கில் அதே முனைகளை நேராகச் சேர்த்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் பெருக்க அளவை மாற்றாமல் இரண்டையும் மாறிமாறிச் செருகி, பதிவு மென்பொருளின் மீட்டரில் இரைச்சலைப் பாருங்கள். NE5532-இல் வித்தியாசம் அரை டெசிபெல்தான் இருக்கும். அதன் சொந்த இரைச்சல் மற்றதையெல்லாம் மூடிவிடுகிறது. சரியாக அமைத்த AD797 சுற்றில், ரெசிஸ்டரைச் செருகியதும் இரைச்சல் பல டெசிபெல் ஏறும். ஏறினால் வருத்தப்படாதீர்கள். 200 ஓமுக்குள் அலையும் எலெக்ட்ரான்களின் சத்தத்தை உங்கள் ஆம்ப்ளிஃபயர் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.